கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாழ்த்து

நேற்று வரை நான் மட்டம் பார்க்க எனக்கு எதிரே அளவுக்கம்பு பிடித்து நின்றவரும், இனிமேல் எந்தக் கம்பையும் பிடிக்கத் தேவையில்லாத மேற்படிப்புக்கு இன்று காலை புறப்பட்டுவிட்டவருமான மதிப்புக்குரிய கொக்கு அவர்களுக்கு,

கறார் எழுதுவது. இங்கே நம் சர்வே ஆபீஸில் நான், சீஃப், கணக்கு அக்கா, லெவல் கருவி, அதன் முக்காலி எல்லோரும் நலம். அங்கே உன் நலத்தை விசாரிப்பதுதான் முறை, ஆனால் நீ இப்போது ஆகாயத்தில் எங்கோ காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருப்பாய், உன் நீளத்துக்கு அந்த இருக்கையில் நலமாக இருக்க வாய்ப்பே இல்லை என்பதால் கேட்கவில்லை. நீ போய் இறங்கி, விடுதி அறையில் பெட்டியைத் திறந்து, ஊர் பழகி, தபால்பெட்டியைப் பார்க்க ஞாபகம் வந்து பார்க்கும்போது இது கிடைக்கட்டும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். போனில் தட்டிப் பார்த்தேன். ‘வாழ்த்துகள்டா’ என்று தட்டியதும் அதுவே கைகூப்பும் படம், பூங்கொத்து, பலூன் என்று எடுத்துக் கொடுத்தது. பலூன் அனுப்புகிற ஆளா நான்? அழித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வாழ்த்துகள். இதை முதலில் எழுதிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த ஒரு வார்த்தையை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் போதுமான சந்தர்ப்பம் இருந்தது, ஒன்றிலும் சொல்லவில்லை. கணக்கு அக்கா சொன்னார், பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், உன்னை யாரென்றே தெரியாத அந்தப் புகைப்படக் கடைக்காரர்கூட விசாவுக்கு உன் காதைத் தெரியும்படி திருப்பிப் படமெடுத்துவிட்டு ‘நல்லபடியா போயிட்டு வாங்க தம்பி’ என்றார். நான் மட்டும்தான் பாக்கி. இன்று விமான நிலையத்தில் நீ உள்ளே போகும்போது, இவனுக்கு நான் போவது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பாய். அப்படி நினைக்க நானே உனக்கு வேண்டிய ஆதாரங்களைத் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன், ஆகவே ஒவ்வொன்றாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது அந்தப் பரிந்துரைக் கடிதம். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், வேலை கொடுத்தவர் ஒருவர் என்று இரண்டு பேர் பரிந்துரைக்க வேண்டும் என்றதும் நீ சீஃபிடம் போய் நின்றாய். அவர் உலகத்து முதலாளிகள் எல்லோரும் சொல்வதைச் சொன்னார்: ‘எனக்கு எங்கப்பா நேரம், எழுதிக் கொண்டா, பார்த்துட்டு அனுப்பறேன்.’ உன்னைப் பற்றி நீயே எழுதிக்கொள்ள உனக்குக் கூச்சம். என்னிடம் தள்ளினாய். பல்கலைக்கழகத்திலிருந்து சீஃபின் மின்னஞ்சலுக்கு இணைப்பு வந்ததும் அவர் பக்கத்திலேயே என்னை உட்கார வைத்துக்கொண்டார். திறந்தால் கடிதத்துக்கு முன்னால் ஒரு கட்டம்: இவரை ஒத்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் முதல் ஐந்து சதவீதத்தில் வருவாரா, பத்தில் வருவாரா, இருபத்தைந்திலா, ஐம்பதிலா என்று கேட்டிருந்தார்கள். நான் நேர்மையாக யோசித்தேன். நம் ஆபீஸில் உன்னை ஒத்தவன் நான் ஒருத்தன். ஆக மொத்தம் இரண்டு பேர். இரண்டு பேரில் முதல் ஐந்து சதவீதம் என்றால் ஆளில் ஒரு கைதான் தேறும். ஐம்பதில் டிக் அடிக்கப் போனேன். சீஃப் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

‘நீ என்னய்யா, அவனுக்குப் பங்காளியா?’

‘கணக்கு சார். ரெண்டு பேர்ல ஒருத்தன்னா அம்பதுதான்.’

‘அப்ப மீதி அம்பது நீதானே. உன்னைவிட அவன் பரவாயில்லைன்னு நீயே ஒத்துக்கறியா?’

‘அதுல சந்தேகம் இல்லை சார். அவன் பெட்டர்தான்.’

சீஃப் மௌஸை என் கையிலிருந்து பிடுங்கி அவரே ஐந்தில் டிக் அடித்தார். இதை உனக்கு ஐம்பதோடு நிறுத்திச் சொல்லி, ஊரெல்லாம் சிரித்தோம். மீதியை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடிதத்தில் ‘உழைப்பாளி, பண்பானவர், தலைமைப் பண்பு மிக்கவர்’ என்று சீஃப் சேர்க்கச் சொன்னதை எல்லாம் சேர்த்துவிட்டு, என் பங்குக்கு ஒரு வரி போட்டேன்: இவர் ஒரு கம்பை எவ்வளவு நேரமானாலும் சாயாமல் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பார். சீஃபுக்கு அது பிடிக்கவில்லை. ‘இவன் என்ன கொடிமரமா’ என்றார். ஆனால் உன்னைச் சேர்த்துக்கொள்ளுமுன் இணையத்தில் நேர்காணல் செய்த அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அம்மா உழைப்பையும் பண்பையும் விட்டுவிட்டு அந்த வரியைத்தான் கேட்டார், ஏன் அப்படி நிற்க வேண்டும் என்று. நீ கம்பு சாய்ந்தால் படிக்கிற எண் கூடும், குறையவே குறையாது, அதனால் பிழை ஒரே பக்கமாகச் சேரும் என்று ஆரம்பித்து, நிலம் அமிழ்கிற ஊர்களில் அந்தச் சின்னப் பிழை எவ்வளவு பெரிய பொய்யாக மாறும் என்பது வரை பேசினாய். நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து இணைய ஒயரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது லூஸ். என் தலைக்கு மேலே நீ பேசப் பேச, இவன் இங்கே இருக்க வேண்டிய ஆள் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. பேசி முடித்ததும் ‘எப்படிடா இருந்துச்சு?’ என்றாய். ‘ஒயர் மாத்தணும்’ என்றேன்.

இரண்டாவது, இடம் கிடைத்த நாள். புது ரோட்டுக்குச் சாக்கடை மட்டம் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் கருவியைத் தூக்கி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிற நேரம், அதாவது நீ கம்போடு நின்ற மாறுபுள்ளியை விட்டு இம்மிகூட அசையக் கூடாத நேரம். கருவி நகர்ந்தால் கம்பு நிற்க வேண்டும், கம்பு நகர்ந்தால் கருவி நிற்க வேண்டும், இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் அதுவரை எடுத்த உயரம் எல்லாம் காற்றில் போச்சு. இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். நான் கருவியின் மட்டக் குமிழியைச் சரிபண்ணிவிட்டுக் கண்ணை வைத்தால் அங்கே கம்பு இல்லை, ஆகாயம் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாய்.

‘கிடைச்சிருச்சுடா.’

‘என்னது?’

‘சீட்டுடா. அந்தம்மாகிட்டயே ஆராய்ச்சி உதவியாளர் வேலையும் கொடுத்துட்டாங்க. ஃபீஸ் கிடையாது.’

‘கம்பு எங்க?’

‘கீழ வெச்சுட்டு வந்துட்டேன்.’

‘மாறுபுள்ளியில இருந்து எடுத்துட்டியா? குறி போட்டியா?’

நீ போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். பிறகு ‘போடலை’ என்றாய். ‘அப்ப முதல்ல இருந்து’ என்றேன். வெயிலில் திரும்ப நடந்து பாலத்துச் சுவரில் உயரம் குறித்து வைத்திருக்கிற நிலைக்குறியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. அன்றைக்குப் படித்த எண்கள் பெரும்பாலும் ஒன்றே முக்கால் மீட்டரை ஒட்டி இருந்தன, அந்த உயரத்தில் கம்புக்குப் பக்கத்தில் உன் முகமும் சேர்ந்து தெரியும். அவ்வளவு தூரத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நீ சிரித்துக்கொண்டே நின்றாய். கருவியில் உன் பல் எல்லாம் தெரிந்தது. நானும் இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டுதான் எண் எழுதினேன். ஆனால் இது எனக்கு மட்டும் தெரிந்து என்ன புண்ணியம், கருவி ஒரு பக்கமாகத்தானே பார்க்கிறது.

மூன்றாவது, விசா நேர்காணலுக்கான ஒத்திகை. இதைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சேர்க்கைச் சான்று, கட்டண ரசீது, பல்கலைக்கழகம் சீல் வைத்து அனுப்பிய மதிப்பெண் உறை, உதவித்தொகைக் கடிதம் எல்லாவற்றையும் கேட்கிற வரிசையில் அடுக்கி, எதைக் கேட்டாலும் தேடாமல் எடுக்கும்படி நான்தான் கோப்பில் செருகிக் கொடுத்தேன், அது வரைக்கும் என்மேல் குற்றமில்லை. அப்புறம் நீ என்னை அதிகாரியாக உட்கார வைத்தாய். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் செலவு செய்கிறார்கள், படித்து முடித்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், தடங்கல் இல்லாமல் சொன்னாய். கடைசிக் கேள்வி, ‘திரும்பி வருவீர்களா?’

‘வருவேன்.’

‘நம்பற மாதிரி இல்லை. மறுபடி சொல்லு.’

‘கண்டிப்பா வருவேன். எங்க அம்மா இங்கதான் இருக்காங்க.’

‘அது எல்லாரும் சொல்றது. மறுபடி.’

‘படிப்பு முடிஞ்சதும் வந்து இந்த ஊர் நில மட்டத்தை வெச்சு வேலை செய்யணும்னு இருக்கேன் சார். வருவேன் சார்.’

‘கண்ணைப் பார்த்துச் சொல்லு. மறுபடி.’

நீயும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாய். தேநீர் கொண்டுவந்த உன் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. நான் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கடைசியில் நீதான் ‘போதும்டா, பாஸ் பண்ணிடுவேன்’ என்றாய். மறுநாள் தூதரகத்தில் போய் நின்றால் அந்த அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை, என்ன படிப்பு என்று மட்டும் கேட்டுவிட்டு விரல்ரேகை எடுத்து அனுப்பிவிட்டார் என்று நீ வெளியே வந்து சொன்னபோது, ‘அப்ப வீணா பிராக்டிஸ் பண்ணிட்டோம்’ என்றேன். விசா கிடைத்தவனிடம் ஒரு மனிதன் சொல்கிற முதல் வாக்கியமா அது? ஆனால் அந்தப் பதிலை நீ சொல்லக் கேட்பது எனக்கு அலுக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கம் கேட்காதே.

நான்காவது, வழியனுப்பு விழா. சீஃப் என்னைப் பேசச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். ‘அவன்கூட வெயில்ல நின்னவன் நீதானேப்பா, நாலு நல்ல வார்த்தை சொல்லு’ என்றார். சரி, தயார்செய்து கொண்டுதான் போனேன். ஒருவர் நகர்ந்தால் ஒருவர் நிற்க வேண்டும் என்கிற நம் வேலையை வைத்து ஆரம்பித்து, இப்போது நீ நகர்கிற முறை, நான் நிற்கிற முறை என்று சொல்லி, வாழ்த்துகள் என்று முடிப்பதாகத் திட்டம். கேட்டவர்கள் கண் கலங்கியிருப்பார்கள். ஆனால் மாறுபுள்ளி என்றால் என்ன என்று முதலில் சொல்லாமல் உவமை புரியாதே என்று அதை விளக்கினேன். அதை விளக்கினால், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து முடிக்கும்போது உயரம் ஒத்துப்போகாமல் நிற்கிற முடிவுப்பிழை என்ற ஒன்று வருகிறது. முடிவுப்பிழை என்று வாயில் வந்ததும் மார்க்கெட் பின்புற வேலையில் பிழை கூடுதலாக வந்ததே, அது ஏன் என்று எனக்குத் திடீரென்று புரிந்துபோயிற்று. ‘கொக்கு, அன்னைக்கு நீ கம்பைச் சாக்கடை மூடி மேல வெச்சே பாரு, அது ஆடற மூடி’ என்றேன். நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘ஆடலைடா, நான் மிதிச்சுப் பார்த்தேன்’ என்றாய். ‘ஆடுச்சு.’ ‘ஆடலை.’ கணக்கு அக்கா கேக் வெட்டுகிற கத்தியோடு காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சீஃப் எழுந்து கைதட்டிவிட்டார், எல்லோரும் கைதட்டினார்கள், என் உரை சாக்கடை மூடியில் முடிந்தது. இப்போது சொல்கிறேன், இன்று விமான நிலையத்திலிருந்து வருகிற வழியில் மார்க்கெட் பின்புறம் இறங்கி மிதித்துப் பார்த்தேன். மூடி ஆடவில்லை. நீ சொன்னதுதான் சரி. பிழை நான் எண்ணைப் படித்ததில் வந்திருக்க வேண்டும்.

பெட்டி கட்டுகிற கதையை நீண்ட நேரம் எழுத விருப்பமில்லை. விமானத்தில் அனுமதித்த எடைக்கு மேல் போனால் அங்கே எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து உள்ளாடை முதற்கொண்டு எடுத்து வெளியே வைக்க வேண்டி வரும் என்பதால் வேலைத்தலத்தில் மண் சாம்பிள் நிறுக்கிற தொங்கு தராசைக் கொண்டுவந்தேன். எண்ணம் நல்ல எண்ணம். உன் அம்மா ஒரு பொருளை வைப்பார், நான் பெட்டியைத் தூக்கிப் பார்த்து ஒரு பொருளை எடுப்பேன். அவர் போர்வையை வைத்தார், நான் எடுத்தேன். அவர் மறுபடி வைத்தார்.

‘அம்மா, அங்கேயே போர்வை விக்கிறாங்க.’

‘இறங்கின அன்னைக்கே கடை எங்கன்னு அவனுக்குத் தெரியுமா தம்பி? குளிர்ல நடுங்கினா உன் தராசு போய்ப் போத்தி விடுமா?’

நான் புத்தகங்களை எடுத்துவிட்டுப் போர்வையை விட்டுவைத்தேன். அப்படியும் இன்று, பார்வையாளர் சீட்டு எடுத்து நாங்களும் உன்னோடு வந்து நின்ற விமான நிலையக் கவுண்டரில், அவர்கள் தராசில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. அவர்கள் தராசுதான் தப்பு, அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன், கவுண்டர் பெண் அடுத்தவரைக் கூப்பிட்டாள், நீ என் தோளைப் பிடித்து நகர்த்தினாய். ஷூ, சார்ஜர் மூட்டை, உன் அம்மா தனியாகக் கட்டிக்கொடுத்த மாத்திரைப் பொட்டலம் எல்லாம் வெளியே வந்தன. மாத்திரையைக் கைப்பையில் திணித்தாய், மீதியை ஒரு பையில் போட்டு என் இடது கையில் கொடுத்தாய். இந்த இடது கையை ஞாபகம் வைத்துக்கொள், அடுத்து வருகிற விபத்துக்கு அதுதான் காரணம்.

சோதனைக்கு உள்ளே போகிற வாசலில் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டாய், சீஃபிடம் கைகொடுத்தாய். என்னிடம் வந்து நின்றாய். ‘என்னடா’ என்றாய். நானும் ‘என்னடா’ என்றேன். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாயா, இறங்கியதும் அங்கே காட்ட வேண்டிய காகிதங்கள் கைப்பையில்தான் இருக்கின்றனவா, பெட்டியில் போட்டுவிட்டாயா என்று கேட்டேன். ‘கைப்பையில்தான்டா இருக்கு, நீதானே வெச்சே’ என்றாய். அவ்வளவுதான் நம் பிரிவுரை. நீ உள்ளே போய்விட்டாய்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, சொல்லவில்லையே என்று. ஓடிப்போய்க் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீ சோதனை வரிசையில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நின்றாய். கத்தினால் கேட்காது. ஆனால் நமக்கு எதற்கு வாய், லாரிச் சத்தத்தில் இத்தனை நாள் கையை வைத்துத்தானே பிழைப்பு நடத்தினோம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கீழே இறக்கினால் ‘சரியாக இருக்கிறது’ என்று அர்த்தம். வாழ்த்துக்கு நம்மிடம் சைகை கிடையாது, அதற்குப் பக்கத்தில் வருவது அதுதான். நீ திரும்பிப் பார்த்தாய். தூக்கினேன். வலது கை மேலே போயிற்று. இடது கையில் உன் ஷூவும் சார்ஜரும் தொங்கிக்கொண்டிருந்ததால் அது இடுப்புக்கு மேலே வரவில்லை. தோள் வேறு இழுத்ததால் தூக்கிய கை கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்தது. வலது கையை மட்டும் தூக்கி வலப்பக்கம் சாய்த்தால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்: கம்பு கோணலாக இருக்கிறது, மேல்நுனியை வலது பக்கம் சாய். நீ பழக்க தோஷத்தில் அப்படியே உடம்போடு வலது பக்கம் சாய்ந்தாய். பக்கத்து வரிசையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவர் மேல் முட்டிக்கொண்டாய். அவர் ஏதோ சொன்னார், நீ கும்பிட்டாய். ஊரைவிட்டுப் போகிற நேரத்தில்கூட உன்னைக் கோணல் என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சரியாகத் தூக்குவதற்குள் என் பின்னால் சீருடை போட்ட ஒருவர் வந்து நின்றார்.

‘யாருக்கு சார் சிக்னல் காட்டறீங்க?’

‘ஃப்ரெண்டுக்கு.’

‘என்னன்னு?’

‘சரியா இருக்குன்னு.’

‘என்ன சரியா இருக்கு?’

இதற்கு நான் வாழ்த்துகிறேன் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். நான் கம்பு, கருவி, செங்குத்து, லாரிச் சத்தம் என்று முறையாக விளக்க ஆரம்பித்தேன். பையில் என்ன என்றார். சார்ஜர் ஒயர்களைக் காட்டினேன், அவர் முகம் இன்னும் மோசமாயிற்று. உன் அம்மாதான் வந்து ‘அவன் அப்படித்தான் சார், நல்ல பையன்’ என்று என்னை மீட்டார். நான் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தபோது வரிசையில் வேறு யாரோ குட்டையாக நின்றுகொண்டிருந்தார்.

இதுதான் நடந்தது. இப்போது ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம் வேலைக்குப் போகத்தான் போனோம். உன் இடத்தில் சீஃப் கொண்டுவந்திருக்கிற மனிதர் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனில் மைத்துனரோடு நிலத்தகராறு பேசுகிறார். நான் கையை வீசுகிறேன், அவரும் பதிலுக்குக் கையை வீசுகிறார், டாட்டா காட்டுகிறேன் என்று நினைக்கிறார். கருவியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதுவது நீ பாவப்படுவதற்காக அல்ல. ஆள் கிடைப்பார்கள், நானும் பொறுமையாகச் சொல்லித்தருவேன், அல்லது பொறுமையில்லாமல் சொல்லித்தருவேன். நீ அங்கே செயற்கைக்கோளில் இருந்து பூமியைப் படமெடுத்து, ஒரு ஊர் முழுக்க எந்தத் தெரு எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்கப் போகிறாய். அதில் கம்பு பிடிக்கவும் ஆள் வேண்டாம், கருவியில் கண் வைக்கவும் ஆள் வேண்டாம். நான் இதைக் கேலியாக நிறைய தடவை சொல்லியிருக்கிறேன், இப்போது கேலி இல்லை. நம் ஆபீஸிலிருந்து ஒருத்தன் அதைச் செய்யப் போயிருக்கிறான் என்று வருகிற கான்ட்ராக்டர்களிடமெல்லாம் சொல்கிறேன். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீ போனது எனக்கு முழு மனதோடு சந்தோஷம். ஒரு சொட்டுக் குறையும் இல்லாத சந்தோஷம். விடுமுறைக்கு ஓடி வராதே, டிக்கெட் காசை மிச்சம் பிடி, அங்கேயே தங்கிப் படி, ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னால் தொடர். என்னை நினைத்து நீ எதையும் சுருக்க வேண்டாம்.

சீஃப் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், கூடவே பழைய கோப்புகளின் கடவுச்சொல் என்ன என்று கேட்கச் சொன்னார். கணக்கு அக்கா வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். உன் அம்மாவின் வீட்டு மோட்டார், பல்பு, மருந்துச்சீட்டு எல்லாம் என் பொறுப்பு, அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். படிப்பு உனக்குக் கைகூடட்டும், பனி பழகட்டும், நீ அளக்கிற ஊர்கள் மெதுவாக அமிழட்டும்.

இப்படிக்கு, உன் வெற்றியில் எந்தக் கலப்படமும் இல்லாமல் மகிழ்கிற,
கறார்

பி.கு.: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உன் அம்மா போன் பண்ணினார். விமானத்தில் ஏதோ கோளாறாம், உங்களை உள்ளே ஏற்றி உட்கார வைத்து, இறக்கி, காக்க வைத்து, கடைசியில் இன்றைக்குப் போகாது, நாளைக் காலைதான் என்று சொல்லிவிட்டார்களாம். பாஸ்போர்ட்டில் அடித்த வெளியேறும் முத்திரையை ரத்து செய்து, உள்ளூர்க்காரர்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்களாம். ‘வகுப்பு ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்காம், பயமில்லையாம். தம்பி, வண்டி எடுத்துட்டுப் போய் அவனைக் கூட்டிட்டு வர்றியா’ என்றார். இதைக் கேட்டதும், அடடா, முதல் பயணமே இப்படி ஆயிற்றே, அடுத்த விமானம் மாறுகிற இடத்தில் என்ன செய்வான், களைத்துப்போயிருப்பானே என்றெல்லாம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. ஆனால் இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கணக்கு அக்கா, ‘என்ன, இப்படிச் சிரிக்கிறே, ஏதாவது பரிசு விழுந்துருச்சா?’ என்று கேட்டார். கலப்படமில்லாத மகிழ்ச்சி என்று கையெழுத்துப் போட்ட மை காயவில்லை. ஆகவே மேலே எழுதியதெல்லாம் செல்லாது. நான் உன்னை அழைக்கக் கிளம்புகிறேன். வாழ்த்துகள் என்று வண்டியில் சொல்லப் பார்க்கிறேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கும். வார்த்தை வராவிட்டால் இந்தக் கடிதத்தை உன் மடியில் போடுவேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுத்தால் எனக்கு மரியாதை, ஆனால் கிழிக்கப் போவதில்லை. நாளைக்கு நீ ஏறத்தான் போகிறாய், நானேதான் கொண்டுபோய் விடப்போகிறேன். நீ போகாமல் போனதற்காக இன்றைக்கு ஒருத்தன் இப்படிச் சிரித்தான் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.